4 வருவது ஏன், 2 சரியாவது ஏன்: இரட்டை வலுக்கள் மட்டுமுள்ள தொடரின் ஒருங்கல் ஆரை

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் கணிதம் படிக்கிறேன். Σ (n!)² x²ⁿ / (2n)! என்ற வலுத்தொடருக்கு அடுத்தடுத்த குணகங்களின் விகிதத்தை எடுத்தால் ஒருங்கல் ஆரை 4 வருகிறது. விடையில் 2 என்று இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்? (மாணவி, கோண்டாவில்)

பதில்: நீங்கள் கண்ட எல்லை சரி. ஆனால் அது x இற்கு உரியதல்ல, x² இற்கு உரியது.

R = lim |aₙ/aₙ₊₁| என்ற சூத்திரத்தில் aₙ என்பது xⁿ இன் குணகம். உங்கள் தொடரில் x, x³, x⁵ ஆகியவற்றின் குணகங்கள் எல்லாம் பூச்சியம். ஆகவே aₙ/aₙ₊₁ ஒன்றுவிட்டொன்று பூச்சியத்தால் வகுபடும். சூத்திரம் இங்கே நேரடியாகப் பொருந்தாது. நீங்கள் வகுத்தவை x²ⁿ, x²ⁿ⁺² ஆகியவற்றின் குணகங்கள். அவற்றுக்கிடையே இரண்டு படி வித்தியாசம் உண்டு.

y = x² என்று இடுங்கள். இப்போது தொடர் Σ cₙyⁿ, இதில் cₙ = (n!)²/(2n)!. எந்த வலுவும் விடுபடவில்லை. காரணியங்களைச் சுருக்கினால்

cₙ/cₙ₊₁ = (2n+2)(2n+1)/(n+1)² = 2(2n+1)/(n+1)

n = 9 இல் இது 3.8, n = 99 இல் 3.98, எல்லை 4. ஆகவே |y| < 4 எனில் ஒருங்கும். அதாவது |x|² < 4, எனவே |x| < 2.

விடையைச் சந்தேகித்தால் 2 இற்கும் 4 இற்கும் இடையில் ஓர் எண்ணைப் பிரதியிட்டுப் பாருங்கள். x = 3 எனில் உறுப்புகள் 1, 4.5, 13.5, 36.45 என்று பெருகிக்கொண்டே போகின்றன. ஆரை 4 ஆக இருக்கவே முடியாது.

பரீட்சையில் நான் பரிந்துரைப்பது, குணகத்தைத் தனியே பிரிக்காமல் x உடன் சேர்த்து முழு உறுப்புகளின் விகிதத்தை எடுப்பது. இங்கே அது |x|²/4 ஐ நாடும். அது 1 இலும் சிறிதாக வேண்டும் என்றவுடன் |x| < 2 தானாகவே வந்துவிடும். விகிதத்தைத் தலைகீழாக எழுதி R இற்குப் பதில் 1/R ஐ விடையாகக் கொடுக்கும் பிழையும் இதில் நேராது.

x = ±2 இல் இந்த எல்லை 1 ஆவதால் சோதனை ஒன்றும் சொல்லாது. ஆனால் எல்லைக்குப் போகுமுன் உள்ள விகிதத்தைப் பாருங்கள்: (2n+2)/(2n+1). அது எப்போதும் 1 இலும் பெரிது, எனவே உறுப்புகள் வளர்கின்றன, பூச்சியத்தை நாடா. இரு முனைகளிலும் தொடர் விரிகிறது.

பூச்சியக் குணகமே இல்லாதபோதும் விகிதத்துக்கு எல்லை இல்லாமல் போகலாம். குணகங்கள் 3, 1, 3, 1 என மாறிமாறி வந்தால் aₙ/aₙ₊₁ ஆனது 3, 1/3, 3 என்று ஊசலாடும். அதற்காக ஆரை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். குணகங்கள் 1 இற்கும் 3 இற்கும் இடைப்பட்டவை என்பதால் அவற்றின் n ஆம் மூலம் 1 ஐ நாடுகிறது; ஆகவே R = 1.