எக்ஸிக்யூட்டிவ் சர்ச் நிறுவனத்துக்கு எழுதும் முதல் பதில்: எதைச் சொல்லலாம், எதை நிறுத்தி வைக்கலாம்?

கேள்வி: மூத்த பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு எக்ஸிக்யூட்டிவ் சர்ச் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. தலைமைச் செயல்பாட்டு அதிகாரி பதவியாம். கம்பெனி பெயர் சொல்லவில்லை. என் ரெஸ்யூமே, இப்போதைய சம்பளம், போனஸ் போன்ற வேரியபிள், கைக்கு வராத பங்குகள், எதிர்பார்ப்பு எல்லாம் கேட்கிறார்கள். இப்போதைய ஆபீஸில் யாருக்கும் தெரியக் கூடாது. எப்படிப் பதில் எழுதுவது?

பதில்: நீங்கள் எழுதுவது ரெக்ரூட்டருக்கு, ஆனால் அதைப் படிக்கப்போவது அவர் மட்டுமல்ல. இறுதிப் பட்டியலுக்கு வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் தன் வாடிக்கையாளருக்கு ஒரு அறிக்கை தருவார். சம்பள விவரமும் பெரும்பாலும் அதில் போகும். அவருக்குக் கட்டணம் கொடுப்பது அந்தக் கம்பெனிதான். பல இடங்களில் அது முதல் வருட ரொக்கச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் உங்கள் தரப்பு ஆள் இல்லை. அதனால் முதல் பதிலில் ரகசியத்தை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். எண்கள் அப்புறம்.

"ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. அதற்குச் சரி என்று சொல்லாத ரெக்ரூட்டரே கிடையாது. எதைச் செய்யக் கூடாது என்று குறிப்பாக எழுதுங்கள். உதாரணமாக இப்படி:

"இந்தப் பதவியைப் பற்றிப் பேச விருப்பம். கம்பெனியின் பெயரைத் தொலைபேசியில் சொன்னால் போதும். வெளியே சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்து நான் எழுத்தில் சம்மதம் தரும்வரை என் பெயரோ ரெஸ்யூமேயோ யாருக்கும் போக வேண்டாம். அங்கே யார் யார் என் விவரத்தைப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆஃபர் நிலை வரும்வரை என்னைப் பற்றி யாரிடமும், முறைசாராமல்கூட, விசாரிக்க வேண்டாம். என் இப்போதைய கம்பெனி உங்கள் வாடிக்கையாளரா?"

இதில் முக்கியமானது, முறைசாரா விசாரணையைத் தடுக்கும் வரி. மூத்த பதவிகளுக்கான தேடலில் செய்தி கசிவது பெரும்பாலும் ரெஸ்யூமேயால் அல்ல, "அவர் ஆள் எப்படி?" என்று ஒரு பழைய சக ஊழியருக்குப் போகும் தொலைபேசி அழைப்பால். அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் உங்கள் முதலாளியை அறிந்தவர் இருக்கலாம். பெயர்கள் தெரிந்தால் "இவரிடம் மட்டும் கடைசிவரை போக வேண்டாம்" என்று சொல்ல முடியும். கடைசிக் கேள்விக்கும் காரணம் உண்டு. தங்கள் வாடிக்கையாளரிடமிருந்து ஆள் எடுப்பதில்லை என்று சர்ச் நிறுவனங்கள் வழக்கமாக ஒப்புக்கொள்வார்கள். உங்கள் கம்பெனி அவர்களுடைய வாடிக்கையாளராக இருந்தால், இந்த அழைப்பே எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வேரியபிளை விளக்கும்போது, "இந்த வருடம் வளர்ச்சி இலக்கைத் தவறவிட்டோம், அதனால் போனஸ் குறைவு" என்று இயல்பாகவே எழுதிவிடுவோம். உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் இருந்து, முடிவுகள் இன்னும் வெளிவராமல் இருந்தால், அந்த ஒரு வாக்கியம், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியிடாத தகவல் ஆகிவிடலாம். தொகையைச் சொல்லுங்கள், உள் காரணத்தை விட்டுவிடுங்கள். ஆபீஸ் மின்னஞ்சலும் ஆபீஸ் கணினியும் இந்தப் பேச்சுக்கு வேண்டாம்.

பெயர் தெரிந்து, சம்மதமும் கொடுத்த பிறகு எண்களுக்கு வரலாம். இப்போதைய சம்பளத்தைக் கேட்பதையே தடை செய்யும் சட்டம் சில நாடுகளிலும் மாநிலங்களிலும் இருக்கிறது. உங்கள் ஊரில் இருந்தால் எதிர்பார்ப்பை மட்டும் சொன்னால் போதும். சொல்வதென்றால் மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: நிலைச் சம்பளம், வேரியபிள், விட்டுவிட்டு வரவேண்டியது. பலரும் இந்த மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் "இவ்வளவா!" என்று மலைப்பார்கள், அல்லது எல்லாவற்றையும் தங்கள் ஆண்டுச் சம்பளத்துக்குள் அடக்கப் பார்ப்பார்கள். இரண்டுமே உங்களுக்கு நஷ்டம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிலைச் சம்பளம் 100 என்று வையுங்கள். போனஸ் இலக்கு 40. ஆனால் கடந்த மூன்று வருடமும் உண்மையில் வந்தது 34, 40, 28. சராசரி 34. இலக்கு, வந்தது இரண்டையும் எழுதுங்கள். 40 வாங்குவதாகச் சொல்லிவிட்டு, பிறகு சம்பளச் சான்றில் 28 தெரிந்தால், உங்கள் மற்ற வார்த்தைகள்மீதும் நம்பிக்கை குறையும்.

இனி, விட்டுவிட்டு வரவேண்டியது. இன்றைய விலையில் 90 மதிப்புள்ள பங்குகள் இன்னும் உங்கள் பெயருக்கு வரவில்லை. பாதி 5 மாதத்தில் வரும், மீதி 17 மாதத்தில். இந்த வருட போனஸ் இன்னும் 4 மாதத்தில், அப்போது பணியில் இருப்பவர்களுக்கு மட்டும். 3 மாதத்தில் கிளம்பினால், போனஸ் சராசரி அளவு என்று கொண்டால், 90-ம் 34-ம் சேர்த்து 124 போய்விடும். 6 மாதம் கழித்துக் கிளம்பினால் போவது 45 மட்டும். சேரும் தேதி ஒன்றுக்கே 79 மதிப்பு. ஆகவே, "நீங்கள் சீக்கிரம் வரச் சொன்னால் இழப்பு 124, 6 மாதம் பொறுத்தால் 45" என்று இரண்டு தேதிகளையும் எழுதுங்கள். அவசரத்துக்கான விலையைப் புதிய கம்பெனியே பார்த்து முடிவு செய்யட்டும். இந்தத் தொகையை ஈடு செய்வது ஆண்டுச் சம்பளத்தோடு சேராத, ஒரே முறை தரும் தொகையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். பங்கு ஒதுக்கீட்டுக் கடிதத்தை ஆதாரமாகக் கேட்பார்கள். ஒன்றிரண்டு வருடத்துக்குள் விலகினால் ஈட்டுத்தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையும் வரலாம். அதை ஒப்புக்கொண்டாலும், அவர்களே உங்களை அனுப்பிவிட்டால் திருப்ப வேண்டியதில்லை என்று எழுதி வாங்குங்கள்.

அவர்கள் தரப்போகும் வேரியபிளைப் பற்றி இந்தக் கட்டத்தில் ஒரு கேள்வி போதும்: "இதே நிலையில் இருப்பவர்களுக்குக் கடந்த மூன்று வருடத்தில் இலக்கில் எத்தனை விழுக்காடு உண்மையில் கொடுத்தீர்கள்?" இலக்கு 60 என்று சொல்லிவிட்டுப் பாதிதான் கொடுக்கிறார்கள் என்றால் அது 30. உங்களுடைய 34-ஐவிடக் குறைவு.

ஆப்ஷன் என்பது, குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை. பங்கு விஷயத்தில் "ஒரு லட்சம் ஆப்ஷன்" என்ற எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. எல்லா ஆப்ஷன்களும், பங்காக மாற்றக்கூடிய பத்திரங்களும் பங்குகளாகிவிட்டால் மொத்தம் எத்தனை பங்கு, அதில் இது எத்தனை விழுக்காடு, வாங்கும் விலை என்ன என்று கேளுங்கள். கம்பெனியின் மதிப்பு 1000 இருக்கும்போது, அந்த விலையிலேயே 1 விழுக்காடு ஆப்ஷன் கொடுத்தால் உங்கள் கையில் 10 இருப்பதாக ஆகாது. மதிப்பு 1500 ஆனால், புதுப் பங்குகள் எதுவும் சேரவில்லை என்றாலும், லாபம் 5 தான், ஏறாவிட்டால் ஒன்றுமில்லை. நீங்கள் விட்டு வருவது நேரடிப் பங்கு என்றால், அதே மதிப்புக்கு ஆப்ஷன் தருகிறோம் என்பது சமமான மாற்று ஆகாது. இதை ரெக்ரூட்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நான்கு வருடத்தில் பங்கு சேருமா, முதல் வருடம் முழுவதும் இருந்தால்தான் தொடங்குமா, விலகிய பின் ஆப்ஷனை வாங்க 90 நாள்தானா, கம்பெனி விற்கப்பட்டு உங்கள் பதவியும் போனால் மீதி உடனே கிடைக்குமா என்பதெல்லாம் ஆஃபர் எழுத்தில் வரும்போது கேட்க வேண்டியவை. முதல் மின்னஞ்சலிலேயே கேட்டால் நேர்காணலுக்கு முன்பே பேரம் பேசுவதாகத் தெரியும். கேட்டாலும் ரெக்ரூட்டரிடம் அப்போது பதில் இருக்காது.

எதிர்பார்ப்பு என்ன என்று வற்புறுத்தினால், "பொறுப்பின் அளவு தெரிந்ததும் சொல்கிறேன்; இந்தப் பதவிக்கு வாடிக்கையாளர் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" என்று கேளுங்கள். அந்த வரம்பு பெரும்பாலும் அவரிடம் இருக்கும். தொலைபேசியில் பேசி முடித்த அன்றே, ஒப்புக்கொண்டதை நாலு வரியில் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லாமலே ரெஸ்யூமேயை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தக் கம்பெனி அவரிடம் தேடலை இன்னும் ஒப்படைக்காமலே இருக்கலாம். கையில் உங்கள் பெயரை வைத்து அந்த வேலையைப் பிடிக்கப் பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. அப்படியென்றால் ரெஸ்யூமேயை அனுப்பாதீர்கள்.