செயலியின் உதவிப் பெட்டி வாய் திறக்காதபோது: தரவுரிமையை வைத்துக் கேட்பது எப்படி? (கேள்வி பதில்)

நெய்தல்: ஜெர்மனியில் இருக்கிறேன். பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் என் விற்பனைக் கணக்கை "விதிமீறல்" என்று ஒற்றை வரியில் முடக்கிவிட்டார்கள். செயலிக்குள்ளிருந்து எத்தனை தடவை எழுதினாலும் தானியங்கிப் பதில்தான் வருகிறது. அவர்களிடம் என்னைப் பற்றி என்ன இருக்கிறது, ஏன் முடக்கினார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உதவிப் பகுதிக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, அதே நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய முகவரி பெரும்பாலும் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் கடைசியில் `privacy@` அல்லது `dpo@` என்று தொடங்கும் மின்னஞ்சலாக இருக்கும். சில நிறுவனங்கள் ஒரு படிவம் மட்டும் வைத்திருக்கும். உதவிப் பகுதிக்கு வரும் புகாருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். கெடு எதுவும் வைக்கவில்லை. தரவு கேட்டு வரும் கடிதத்துக்குக் கெடு உண்டு, தவறினால் அபராதமும் உண்டு. அதனால்தான் அங்கே நகராதது இங்கே நகர்கிறது.

தலைப்பில் `Article 15 GDPR access request` என்று போடுங்கள். உங்கள் தரவைக் கேட்கும் உரிமையைத் தருவது அந்த 15-ம் பிரிவுதான். உள்ளே "கணக்கைத் திறந்துவிடுங்கள்" என்ற வார்த்தையே வரக்கூடாது. வந்தால் கடிதத்தைப் பிரிப்பவர் அதை மறுபடி உதவிப் பகுதிக்கே தள்ளிவிடுவார்.

"என் தரவு எல்லாம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் நீங்கள் ஏற்றிய படங்களும் முகவரியும் அடங்கிய ஒரு கோப்பு வரும், அவ்வளவுதான். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கணக்கின் மேல் விழுந்த எச்சரிக்கைக் குறிகள், மோசடி மதிப்பெண் இருந்தால் அது, ஊழியர்கள் எழுதிய உள்குறிப்புகள், உங்கள் மேல் வந்த புகார்கள், உள்நுழைவு மற்றும் சாதனப் பதிவுகள், முடக்கிய தேதியும் நேரமும் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அந்த முடிவைத் தானியங்கி முறை எடுத்ததா, எடுத்திருந்தால் எந்த அடிப்படையில் என்றும் தனியாகக் கேளுங்கள். புகார் கொடுத்தவரின் பெயரை அவர்கள் மறைத்து அனுப்பலாம். புகார் வந்ததையே மறைப்பது வேறு விஷயம்.

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. முதல் பிரதி இலவசம். இரண்டையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஒரு நோயாளியின் மருத்துவப் பதிவு வழக்கில் உறுதிசெய்தது.

தேனீ: 72 மணி நேரத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று படித்தேன். அதைக் கடிதத்தில் எழுதி மிரட்டலாமே?

பதில்: எழுதாதீர்கள். 72 மணி நேரம் என்பது தரவு கசிந்தால் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டிய கெடு. உங்கள் கடிதத்துக்குக் கெடு ஒரு மாதம். தவறான பிரிவைச் சொல்லி மிரட்டினால், விஷயம் தெரியாதவர் எழுதியது என்று முதல் வரியிலேயே முடிவுகட்டிவிடுவார்கள்.

அந்த ஒரு மாதத்தைக் கணக்கிடுவதிலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 2026 ஜனவரி 31, சனிக்கிழமை, கடிதம் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் 31 இல்லை என்பதால் கெடு 28-ம் தேதிக்கு வந்து நிற்கும். அன்றும் சனிக்கிழமை. ஆகவே அடுத்த வேலைநாளான மார்ச் 2, திங்கள்தான் கடைசி நாள். வேலை சிக்கலானது என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீட்டிக்கிறோம், இன்ன காரணம் என்று முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லியாகவேண்டும். கெடு முடிந்த பிறகு "நீட்டித்துவிட்டோம்" என்று வரும் கடிதம் செல்லாது.

வடகரை: "உங்கள் தரவைப் பதிவிறக்க அமைப்புகளில் பொத்தான் இருக்கிறது" என்று எனக்குப் பதில் வந்தது. கணக்குக்குள்ளேயே போக முடியவில்லை, பொத்தானை எங்கே அழுத்துவது?

பதில்: அதை அப்படியே ஒரு வரியில் திருப்பி எழுதுங்கள்: கணக்கு முடக்கப்பட்டிருப்பதால் அந்த வழி எனக்கு மூடியிருக்கிறது, மின்னஞ்சலில் அனுப்புங்கள். முடக்கத் திரையின் படத்தையும் இணையுங்கள்.

உள்ளே போக முடிந்தவர்களுக்கும் அந்தப் பொத்தான் போதாது. நீங்கள் கொடுத்ததைத்தான் அது பெரும்பாலும் திருப்பித் தரும். அவர்கள் உங்களைப் பற்றி எழுதிவைத்தது அதில் இருக்காது. கோப்பு வந்ததும் "suspend", "flag", "risk", "score" என்று தேடிப் பாருங்கள். ஒன்றுமே அகப்படவில்லையென்றால் பாதிதான் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். கேட்டதில் எதெது விடுபட்டது என்று குறிப்பிட்டு அதே மின்னஞ்சல் தொடரில் எழுதுங்கள். புதிய தொடர் தொடங்கினால் புதிய கோரிக்கை என்று சொல்லிக் கெடுவை முதலிலிருந்து எண்ணப் பார்ப்பார்கள்.

மணல்வீடு: பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: ஆள் நீங்கள்தானா என்று நியாயமான சந்தேகம் இருந்தால்தான் கூடுதல் அடையாளம் கேட்கலாம். கணக்கில் பதிவான அதே மின்னஞ்சலிலிருந்து எழுதியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அந்த மின்னஞ்சலுக்கோ எண்ணுக்கோ ஒரு குறியீடு அனுப்பிச் சரிபாருங்கள் என்று கேளுங்கள். கடைசி விற்பனையின் ஆர்டர் எண்ணைக் கொடுப்பதும் உதவும். வேறு மின்னஞ்சலிலிருந்து எழுதியவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேறு வழியே இல்லையென்றால், பாஸ்போர்ட் நகலில் படத்தையும் எண்ணையும் மறைத்து, பெயர் தெரியும்படி விட்டு, குறுக்கே "இன்ன நிறுவனத்துக்கு, தரவு கோரிக்கைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

கணக்கன்: என் விளையாட்டுக் கணக்கும் போச்சு, ஏமாற்று மென்பொருள் போட்டேனாம். 22-ம் பிரிவைச் சொன்னால் மனிதர் ஒருவர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தே ஆகணும், இல்லையா?

பதில்: பாதி சரி. மனிதர் பார்க்கவேண்டும் என்று கேட்கலாம். திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இயந்திரம் எடுத்த முடிவுகளைப் பற்றிய ஜி.டி.பி.ஆர். 22-ம் பிரிவுக்கு இரண்டு நிபந்தனை. முடிவை முழுக்க முழுக்க இயந்திரமே எடுத்திருக்கவேண்டும். அது உங்கள் மேல் சட்டரீதியாகவோ அதற்கு ஈடாகவோ பெரிய பாதிப்பை ஏற்படுத்தியிருக்கவேண்டும். நெய்தலுக்கு விற்பனைதான் வருமானம் என்றால் வாதம் வலுவாக நிற்கும். பொழுதுபோக்குக் கணக்குக்கு நிற்பது கடினம், காசு போட்டு வாங்கிய பொருள்கள் அதில் இருந்தால் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். ஆனாலும் 15-ம் பிரிவுக்கு இந்த நிபந்தனை கிடையாது. உங்களைப் பற்றி என்ன பதிவு இருக்கிறது என்று தாராளமாகக் கேளுங்கள்.

மறுபரிசீலனைக் கடிதத்தைத் தனியாக அனுப்புவதே நல்லது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் தரவை அனுப்பிவிட்டு மற்றதை மறந்துபோவார்கள். அதில் மூன்றைக் கேளுங்கள்: முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவர் பார்க்கவேண்டும், என் தரப்பு விளக்கத்தைப் படிக்கவேண்டும், முடிவுக்குக் காரணம் சொல்லவேண்டும். விளக்கத்தை அரைப் பக்கத்துக்குள் முடித்து, ரசீதுகளை இணைத்துவிடுங்கள்.

நெய்தலுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, இப்படிப்பட்ட தளங்கள் கணக்கை முடக்கினால் காரணம் சொல்லவேண்டும். முடிவு வந்து ஆறு மாதம் வரை உள்முறையீட்டுக்கு வழி திறந்திருக்கவேண்டும். அந்த முறையீட்டை இயந்திரம் மட்டும் முடித்துவைக்கக் கூடாது. இங்கே "பெரிய பாதிப்பு" என்று நிரூபிக்கவேண்டியதில்லை என்பதால் பல நேரம் 22-ஐ விட இது சுலபம். சிறிய, மிகச் சிறிய நிறுவனங்களுக்கு இந்த உள்முறையீட்டுக் கடமை கிடையாது.

நெய்தல்: "எங்கள் குழு பரிசீலித்தது, முடிவில் மாற்றமில்லை" என்று நாலே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. இதை மனிதர் பார்த்ததாகவா எடுத்துக்கொள்வது?

பதில்: எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. வாடகைக்கார் ஓட்டுநர்களின் கணக்குகளை ஊபர் முடக்கிய வழக்கில் 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. மனிதத் தலையீடு இருந்தது என்று நிறுவனம் சொன்னது. அது பெயரளவுக்கு மேல் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் கேட்கவேண்டியது: பார்த்தவர் என்ன பொறுப்பில் இருப்பவர், எந்த ஆதாரங்களைப் பார்த்தார், என் இணைப்புகளைத் திறந்தாரா. நீங்கள் அனுப்பிய நேரம், அவர்கள் பதிலின் நேரம் இரண்டும் தெரியும்படி மின்னஞ்சல்களைச் சேமியுங்கள். அந்த நாலு நிமிடம்தான் உங்கள் பக்கத்து ஆதாரம்.

தேனீ: "மோசடித் தடுப்பு முறை வியாபார ரகசியம்" என்று சொல்லி முழுசாக மறுத்தால்?

பதில்: முழுசாக மறுக்க அது காரணமாகாது. சூத்திரத்தை நீங்கள் கேட்கவில்லை. உங்களைப் பற்றிய எந்தத் தகவல் எப்படி அந்த முடிவுக்குக் கொண்டுபோனது என்பதைப் புரியும்படி சொல்லவேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஒரு கடன் மதிப்பீட்டு வழக்கில் சொன்னது. ரகசியம் என்று நிறுவனம் வாதிட்டால் அதை ஆணையத்திடமோ நீதிமன்றத்திடமோ காட்டவேண்டும், அவர்கள் எடைபோட்டு முடிவு சொல்வார்கள். எவ்வளவு விவரம் போதும் என்பதில் இன்னும் இழுபறிதான். ஒரு பத்தி விளக்கத்தோடு ஆணையம் திருப்தியடைந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

வடகரை: எரிச்சலில் "என் தரவு எல்லாத்தையும் அழித்துவிடுங்கள்" என்றும் சேர்த்து எழுதிவிட்டேன். பிரச்சினை வருமா?

பதில்: வரும். இன்றே வாபஸ் வாங்குங்கள். அழித்துவிட்டால் முடக்கியதற்கான பதிவும் அதோடு போய்விடும், அப்புறம் எதை வைத்துக் கேட்பது? நீங்கள் கேட்காவிட்டாலும், முடக்கிய கணக்கைச் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாளில் தாமாகவே அழிக்கும். அதனால் முதல் கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கவேண்டும்: சட்ட உரிமை கோர எனக்கு இந்தத் தரவு தேவைப்படுகிறது, 18-ம் பிரிவின்படி அழிக்காமல் நிறுத்திவையுங்கள்.

பவளமல்லி: என் அப்பா தவறிவிட்டார். அவர் கணக்கில் இருக்கும் படங்களை இதே கடிதத்தை வைத்து வாங்க முடியுமா அக்கா?

பதில்: முடியாதும்மா. ஜி.டி.பி.ஆர். உயிரோடு இருப்பவர்களின் தரவுக்கு மட்டும்தான். இறந்தவர் விஷயத்தில் ஒவ்வொரு நாடும் தனியாகச் சட்டம் போடலாம். அந்த நிறுவனத்தின் மறைந்தவர் கணக்குப் படிவத்தை முதலில் பாருங்கள்.

மணல்வீடு: நான் இந்தியாவில் இருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பதில்: குடியுரிமை முக்கியமில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்கள் தரவுக்குப் பொறுப்பான நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பயன்பாட்டு விதிகளில் இந்தியப் பயனர்களுக்கு எந்த நிறுவனம் பொறுப்பு என்று பாருங்கள். ஐரோப்பிய முகவரி இருந்தால் 15-ம் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம்.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, இந்த உரிமை நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். இயந்திரம் எடுத்த முடிவை மனிதர் பார்க்கவேண்டும் என்ற பிரிவு அதில் இல்லவே இல்லை. இப்போதைக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

நெய்தல்: மாதம் முடிந்தும் பதில் இல்லையென்றால்? நிறுவனம் அயர்லாந்தில் இருக்கிறது. அங்கேதான் புகார் கொடுக்கணுமா?

பதில்: நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடமே கொடுக்கலாம். ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் தனி ஆணையம். அவர்கள் அயர்லாந்துக்கு அனுப்பிவைப்பார்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. கோரிக்கைக் கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான தானியங்கி ஒப்புகை, கெடு முடிந்த தேதி, நினைவூட்டல் ஒன்று, இவை போதும். "மார்ச் 2 வரை பதில் இல்லை" என்பது போல ஒரே ஒரு மீறலைச் சுட்டிக்காட்டுங்கள். முடக்கம் நியாயமா அநியாயமா என்ற கதையை அதில் கொண்டுவந்தால் ஆணையம் அதைத் தன் வேலை இல்லை என்று ஒதுக்கிவிடும். புகாருக்கு மாதக்கணக்கில் ஆகலாம். புகார் கொடுத்ததாக அதன் நகலை நிறுவனத்தின் அதே மின்னஞ்சல் தொடரில் போட்டுவையுங்கள், சில நேரம் ஆணையம் எழுதுவதற்கு முன்பே தரவு வந்துவிடும்.