ஆறு மாத வேலையை ஆறு மாதமாகவே பாருங்கள்

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மேனேஜராக இருக்கிறேன். டீம் லீட் பதவிக்கு ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். மனம் ஒரு ஆண் ஊழியர் பக்கம் சாய்கிறது. இன்னொருவர் செப்டம்பர் வரை நன்றாக வேலை பார்த்துவிட்டு மகப்பேறு விடுப்பில் போனவர், இப்போதுதான் திரும்பியிருக்கிறார். அதனால்தான் அவரை ஒதுக்குகிறேனோ என்று உறுத்துகிறது. எப்படிச் சரிபார்ப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். உங்கள் அப்ரைசல் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றால், கடைசி ஆறு மாதம் அவர் உங்கள் கண்ணிலேயே படவில்லை. மார்ச்சில் உட்கார்ந்து யோசிக்கும்போது ஜனவரியில் நடந்ததுதான் நினைவுக்கு வரும், மே மாதத்தில் நடந்தது வராது. இருவருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான டிக்கெட்டுகள், ரிலீஸ்கள், கிளையன்ட் மெயில்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உதாரணமாக, அவர் ஆறு மாதத்தில் இரண்டு ரிலீஸை நடத்தியிருக்கிறார், மற்றவர் பன்னிரண்டு மாதத்தில் மூன்று என்றால், மூன்று பெரிதாகத் தெரியும். ஆனால் மாதக் கணக்கில் பார்த்தால் முந்துவது அவர்தான். 26 வார விடுப்பு சட்டம் கொடுத்த உரிமை. அதை ரேட்டிங்கில் கழித்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், நீங்கள் எழுதிவைத்திருக்கும் கருத்துகளில் பெயரை மாற்றிப் போட்டுப் படியுங்கள். ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆணுக்கு ‘தலைமைப் பண்பு’ என்றும் பெண்ணுக்கு ‘நல்ல சுபாவம்’ என்றும் எழுதப்பட்டிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சாய்வு ரேட்டிங்கைவிட இந்த மாதிரி வார்த்தைகளில்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது.

இன்னும் கவனம் தேவைப்படும் இடம், அப்ரைசல் படிவத்தில் உள்ள ‘வளரும் திறன்’ என்ற கட்டம். வட அமெரிக்காவின் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் பதிவுகளை ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூவர் ஆராய்ந்தார்கள். செய்த வேலைக்குப் பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிட அதிக மதிப்பெண் கிடைத்திருந்தது. எதிர்காலத் திறனுக்கோ குறைவாகவே கிடைத்திருந்தது. பதவி உயர்வில் இருந்த இடைவெளியில் கணிசமான பங்கு இந்தக் கட்டத்திலிருந்து வந்தது. செய்த வேலைக்குச் சான்று உண்டு, திறன் என்பது நம் ஊகம். அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுங்கள். சம்பவம் கிடைக்கவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

மேனேஜர்கள் உட்கார்ந்து ரேட்டிங்குகளை ஒப்பிட்டு முடிவுசெய்யும் கேலிப்ரேஷன் கூட்டத்தில் யாராவது “குழந்தை சின்னது, பாவம், லேட் கால் எல்லாம் அவரால் முடியுமா?” என்று கேட்கலாம். அக்கறையோடுதான் கேட்பார்கள். டீம் லீட் வேலைக்கு இரவு கால் உண்மையிலேயே தேவையா, வாரத்தில் எத்தனை நாள் என்று முதலில் நீங்கள் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தேவையென்றால் இருவரிடமும் கேளுங்கள். அவருக்குப் பதிலாக அந்த அறையில் இருப்பவர்கள் முடிவெடுப்பதை அனுமதிக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஆண் ஊழியர்தான் தகுதியானவர் என்று தெரிந்தால் தயங்காமல் அவரைப் பரிந்துரையுங்கள். அப்போது அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, எந்த வேலையில் எந்த இடத்தில் பின்தங்கினார் என்று சொல்லுங்கள். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.