யாரும் பட்டனைத் தொடாமலே நிறையும் சி டிரைவ்

கேள்வி: சார், மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். காலேஜில் படிக்கும் மகளுக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் 180 ஜிபி காலியாக இருந்தது. இப்போது சி டிரைவ் சிவப்பாகி 9 ஜிபிதான் மிச்சம். புதுசாக எந்த கேமும் போடவில்லை, ரெக்கார்ட் பட்டனைத் தொட்டதே இல்லை என்கிறாள். ரிச்சி தெருவில் காட்டினால் 1 டிபி எஸ்எஸ்டி மாற்றணும் என்கிறார்கள். மாற்றித்தான் ஆகணுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரணத்தை நிறுத்தாமல் பெரிய எஸ்எஸ்டி போட்டால், இன்னும் சில மாதத்தில் அதுவும் இதே மாதிரி நிறைந்து நிற்கும். உங்கள் மகள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கேமிங் லேப்டாப்பில் ஆட்டத்தைப் பின்னணியில் பதிவு செய்யும் வசதிகள் சில உண்டு. அவற்றில் ஒரு வகை, யாரும் எதையும் அழுத்தாமலே வீடியோவைச் சேமித்துக்கொண்டே போகும்.

பின்னணிப் பதிவு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, கடைசிச் சில நிமிடங்களை மட்டும் கையில் வைத்திருப்பது. என்விடியாவின் Instant Replay, ஏஎம்டியில் அதே பெயரில் இருக்கும் வசதி, விண்டோஸில் Record what happened என்று இருப்பது எல்லாம் இந்த வகை. புதியது வர வர பழையதை அழித்துக்கொண்டே போவதால், இது பிடிக்கும் இடம் ஓர் அளவோடு நின்றுவிடும். குறுக்குவிசையை அழுத்தினால்தான் அந்த நிமிடங்கள் நிரந்தரக் கோப்பாக மாறும்.

இரண்டாவது வகை, தானாகவே சேமிப்பது. எதிரியை வீழ்த்தியதும், ஆட்டம் ஜெயித்ததும் அந்தத் துண்டை எடுத்து வைக்கும். சில செயலிகள் ஆட்டம் தொடங்கியது முதல் முடிவது வரை முழுவதையும் எழுதிவிடும். ஸ்கோர் காட்டவும் தரவரிசை பார்க்கவும் போடும் துணைச் செயலிகளோடு இது சேர்ந்து வருவது உண்டு. நிறுவும்போது வரிசையாக நெக்ஸ்ட் கொடுத்துப் போனால், இது இயங்குவதே தெரியாது. ரெக்கார்ட் பட்டனைத் தொடாத ஒருவருக்கு 170 ஜிபி காணாமல் போயிருக்கிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அம்பத்தூரில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன மாதம் இதே பிரச்சினை வந்தது. அவனும் எதையும் பதிவு செய்யவில்லை என்றுதான் சொன்னான். Videos கோப்புறையைத் திறந்தால், உள்ளே அவன் போட்டிருந்த ஸ்கோர் செயலியின் பெயரில் ஒரு கோப்புறை. அதில் 58 வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 ஜிபி. மொத்தம் 174 ஜிபி. ஒரு கோப்பைத் திறந்து பார்த்தோம். 40 நிமிடம் ஓடியது, அதாவது முழு ஆட்டம். பதிவின் தரம் நொடிக்கு 10 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், அது நொடிக்கு 1.25 எம்பி, நிமிடத்துக்கு 75 எம்பி. 40 நிமிடத்துக்குச் சரியாக 3 ஜிபி. ராத்திரிக்கு நாலு ஆட்டம் ஆடினால் 12 ஜிபி, பதினைந்து ராத்திரியில் டிரைவ் நிறைந்துவிடும். கோப்புகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, முதல் கோப்பு அவன் அந்தச் செயலியை நிறுவிய மறுநாள் ராத்திரி எழுதப்பட்டிருந்தது. அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டிலும் தேதியிலிருந்தே தொடங்குங்கள். விண்டோஸில் Settings > System > Storage போனால், எந்த வகைக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும். ஆனால் சில பதிவுகள் வீடியோ கணக்கில் வராமல் தற்காலிகக் கோப்புகளிலோ வேறு கணக்கிலோ ஒளிந்திருக்கும். அதனால் விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் பவர்ஷெல்லைத் திறந்து இதை ஓட்டிப் பார்ப்பது நல்லது:

```powershell
Get-ChildItem $env:USERPROFILE -Recurse -File -Force -ErrorAction SilentlyContinue |
  Sort-Object Length -Descending |
  Select-Object -First 25 Length, LastWriteTime, FullName |
  Format-List
```

இது எதையும் அழிக்காது. உங்கள் மகளின் கணக்கில் உள்ள மிகப் பெரிய 25 கோப்புகளை அளவு, தேதி, இருக்கும் இடம் என்று வரிசையாகக் காட்டும், அவ்வளவுதான். அளவு பைட்டில் வரும். பத்து இலக்க எண் என்றால் 1 ஜிபிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் விளையாடும் நேரத்தை ஒட்டி, ராத்திரி 9:10, 9:55, 10:40 என்று ஆட்டத்துக்கு ஒன்றாகக் கோப்புகள் வந்திருந்தால் அது தானாகச் சேமிக்கும் செயலியின் வேலை. மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காகப் பட்டன் அழுத்துவதில்லை.

எந்த வசதி எழுதியது என்பதை இடமும் பெயருமே சொல்லிவிடும். விண்டோஸின் கேம் பார் `Videos\Captures` கோப்புறையில் வைக்கும். ஏஎம்டி `Videos\Radeon ReLive` கோப்புறையில் வைக்கும். என்விடியா, Videos கோப்புறைக்குள் கேமின் பெயரில் ஒரு கோப்புறை போட்டு அதில் வைக்கும். அங்கே கோப்பின் பெயர் `.DVR.mp4` என்று முடிந்தால் அது Instant Replay வழியாக வந்தது. வெறும் `.mp4` என்றால் யாரோ பதிவைத் தொடங்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

`.DVR.mp4` நிறைய கண்ணில் பட்டால் கதை கொஞ்சம் வேறு. அப்போது மகள் Alt+F10 அழுத்தியிருக்கிறாள், தெரிந்தோ தெரியாமலோ. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பத்து நொடிச் சாகசத்தைச் சேமிக்கத்தான் அந்த விசையை அழுத்துகிறோம். ஆனால் சேமிக்கப்படுவது பத்து நொடி அல்ல, அமைப்பில் Replay length என்று எவ்வளவு வைத்திருக்கிறோமோ அவ்வளவும். அது 20 நிமிடம், தரம் நொடிக்கு 50 மெகாபிட் என்று இருந்தால், ஒரு தடவை அழுத்துவதற்கு 7.5 ஜிபி போய்விடும். 24 தடவை அழுத்தினால் 180 ஜிபி. அதையே 1 நிமிடம் என்று மாற்றினால் ஒரு தடவைக்கு 375 எம்பி, 24 தடவைக்கும் சேர்த்து 9 ஜிபிதான். Alt+Z அழுத்தினால் வரும் திரையில் இந்த நீளத்தை மாற்றலாம். என்னைக் கேட்டால், பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களுக்கு 1 நிமிடமே தாராளம். வசதியே வேண்டாம் என்றால் Alt+Shift+F10 அதை நிறுத்தும், மறுபடி அழுத்தினால் திரும்ப ஓடும்.

அதே திரையில் Highlights என்று இன்னொன்றும் இருக்கும். அதுதான் என்விடியாவில் ஆளில்லாமல் சேமிக்கிற பகுதி. எல்லா கேமிலும் வேலை செய்யாது, அதை ஆதரிக்கும் கேம்களில் மட்டும். அதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற வரம்பும் அங்கேயே உண்டு. வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள்.

ஸ்டீமில் விளையாடுகிறாள் என்றால் மேலே சொன்ன தேடல் ஏமாற்றிவிடும். ஸ்டீமின் பின்னணிப் பதிவு ஒரு பெரிய வீடியோவாக இருக்காது. `.m4s` என்று முடியும் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஸ்டீம் நிறுவியிருக்கும் கோப்புறையில் `userdata` என்பதற்குள் `gamerecordings` என்ற இடத்தில் கிடக்கும். மகளின் கணக்குக்கு வெளியே இருப்பதாலும், ஒவ்வொன்றும் சிறியதாக இருப்பதாலும் மேல்வரிசையில் வராது. அந்தக் கோப்புறையின் மீது வலது சொடுக்கி Properties பார்த்தால் மொத்த அளவு தெரியும். இந்த வசதியை நாமாக இயக்கினால்தான் ஓடும், நீள வரம்பும் உண்டு. ஸ்டீமின் Settings உள்ளே Game Recording பக்கத்தில் பாருங்கள். அங்கிருந்து கிளிப்பாகச் சேமித்தவை மட்டும் அந்த வரம்பில் அடங்காமல் தனியாகத் தங்கும்.

சரி, குற்றவாளி கிடைத்தாயிற்று. இப்போது வரிசை முக்கியம். முதலில் பதிவை நிறுத்துங்கள், அப்புறம்தான் அழிக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் அன்றைக்கு ராத்திரியே மறுபடி தொடங்கும். அக்கா மகன் விஷயத்தில் செயலியின் அமைப்பில் தானியங்கிப் பதிவை அணைத்தோம். ஸ்கோர் காட்டும் பகுதி அவனுக்கு வேண்டும் என்றான், அதை விட்டுவிட்டோம். பிறகு ஓர் ஆட்டம் ஆடச் சொல்லி, கோப்புறையில் புதிதாக எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்துகொண்டிருந்த லேப்டாப்பையும் பார்த்திருக்கிறேன்.

அழிக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். உங்களுக்குக் குப்பையாகத் தெரிவதில் அவள் ஆசையாக வைத்திருக்கும் ஆட்டம் ஒன்று இருக்கலாம். வேண்டியதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு மீதியை அழியுங்கள். அழித்தவுடன் காலி இடம் ஏறவில்லை என்று பதறாதீர்கள். எல்லாம் ரீசைக்கிள் பின்னில் இருக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும். செயலியின் சொந்தப் பட்டியலிலிருந்து நீக்கினால், கோப்பும் நீங்கியதா என்று கோப்புறையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பட்டியலிலிருந்து மட்டும் நீக்கிவிட்டுக் கோப்பை அப்படியே விடும் செயலிகளும் இருக்கின்றன.

சேமிக்கும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். சி டிரைவில் நெரிசல் குறையும், அது நிஜம். ஆனால் பல லேப்டாப்பில் டி என்பது அதே எஸ்எஸ்டியின் இன்னொரு துண்டுதான். Disk Management திறந்து பார்த்தால் சி, டி இரண்டும் Disk 0 வரிசையிலேயே இருக்கும். தானியங்கிப் பதிவு ஓடினால் அதுவும் நிறையும், கொஞ்சம் தாமதமாக.

எப்போதும் எழுதிக்கொண்டே இருந்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். நொடிக்கு 50 மெகாபிட் என்றால் மணிக்கு 22.5 ஜிபி எழுதப்படும். தினமும் 3 மணி நேரம் ஆடினால் வருஷத்துக்கு ஏறத்தாழ 25 டிபி. 512 ஜிபி எஸ்எஸ்டி பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எழுத்துத் தாக்குப்பிடிப்பு நூற்றுக்கணக்கான டிபி. அதனால் தேய்மானத்துக்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அந்த 9 ஜிபிக்குத்தான். அந்த நிலையில் விண்டோஸ் அப்டேட்டும், கேமின் பெரிய அப்டேட்டும் பாதியில் நின்றுபோகும்.

இதையெல்லாம் செய்து, காலி இடத்தை எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பதிவுகளை நீக்கிய பிறகும் 60, 70 ஜிபிக்கு மேல் தேறவில்லை, ஆடும் கேம்களே இடத்தைப் பிடித்திருக்கின்றன என்றால் ரிச்சி தெருக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் இருக்கிற எஸ்எஸ்டியைக் கழற்றச் சொல்லாதீர்கள். லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் புதியதை அதில் போட்டு, கேம்களை அங்கே மாற்றிக்கொள்ளலாம், விண்டோஸை மறுபடி நிறுவும் வேலை மிச்சம்.