மழை ஊரில் மூடாக்கு: வைக்கோலா, வெள்ளித்தாளா? (கேள்வி பதில்)

பினாங்கு ஆயர் ஈத்தாமில் வீட்டுக்குப் பின்னால் 14 வருடமாக நான்கு மேட்டுப்பாத்தி வைத்திருக்கிறேன். மிளகாய், கத்தரி, வெண்டை, பயத்தங்காய். செடியைச் சுற்றி மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர்: "அக்கா, மிளகாய்ப் பாத்திக்கு எதைப் போடலாம்? வைக்கோல், வெட்டிய புல், தென்னை ஓலை மூன்றும் கிடைக்குது."

வைக்கோல். அதன் தண்டு உள்ளே குழலாக இருப்பதால் மழையில் நனைந்தாலும் முழுக்கப் படிந்துவிடாது, இடையில் காற்று ஓடும். நம் ஊரில் மூடாக்கு ஈரத்தைக் காப்பது பாதி வேலைதான். மழைத்துளி மண்ணில் அடித்துச் சேற்றை இலையின் அடியில் தெறிக்காமல் தடுப்பது மீதிப் பாதி. மிளகாயின் பல நோய்கள் அந்தத் தெறிப்பில்தான் ஏறுகின்றன.

என் பாத்தி 4 அடி அகலம், 10 அடி நீளம், இரண்டு வரிசையில் 10 செடி. நட்ட உடனே மூடுவதில்லை. இரண்டு வாரம் கழித்து, செடி ஒரு சாண் உயர்ந்ததும், களையைப் பிடுங்கி, தண்ணீரை நன்றாக இறங்கவிட்டு, அப்புறம்தான் மூடுவேன். காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தே கிடக்கும். சின்னத் தூறல் எல்லாம் வைக்கோலோடு நின்றுவிடும். உதிரியாக நான்கு விரல் உயரம் பரப்ப, பெரிய அரிசி மூட்டைச் சாக்கில் நான்கு சாக்கு வைக்கோல் பிடிக்கும். மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் பாதியாகத் தாழ்ந்துவிடும், அப்போது இரண்டு சாக்கு மேலே போடுவேன்.

தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறும் மண்ணாக விடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், காரணம் இருக்கிறது. முதல் வருடம் பக்கத்து வீட்டில் புல் வெட்டினார்கள். பச்சையாகவே வாங்கி வந்து, அரை அடி உயரத்துக்கு, தண்டை ஒட்டிக் குவித்தேன். மறுநாள் உள்ளே கை விட்டால் சுட்டது, புளித்த வாடை. பத்து நாளில் மண் ஈரமாக இருக்கும்போதே உச்சி வெயிலில் செடிகள் துவண்டன. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன், அது அடுத்த தப்பு. புல்லை விலக்கிப் பார்த்தபோது தண்டின் அடியில் வெள்ளை நூல் விசிறி மாதிரி படர்ந்திருந்தது. நூலின் மேல் கடுகு அளவில் மணிகள், சில வெள்ளை, சில பழுப்பு. தண்டை லேசாக அசைத்ததும் மண்மட்டத்தில் கையோடு வந்தது. 10 செடியில் 6 போனது.

அந்த மணிகள்தான் பூசணத்தின் விதை போல. மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். செடியை மட்டும் பிடுங்கினால் போதாது, சுற்றியுள்ள மேல்மண்ணையும் அள்ளிக் கட்டிக் குப்பையில் போட வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது. அந்தப் பாத்தியில் அடுத்த இரண்டு முறை மக்காச்சோளம்தான் வைத்தேன்.

வெட்டிய புல்லை ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஒரு விரல் கனம் மட்டும் போடுங்கள், அது மக்கியதும் இன்னொரு விரல். களைக்கொல்லி தெளித்த புல்லைத் தொடவே வேண்டாம். சாலையோரப் புல் என்றால் எனக்கு அந்த உத்தரவாதம் இல்லை, அதனால் எடுப்பதில்லை. தென்னை ஓலையை ஈர்க்கு நீக்கி ஒரு சாண் துண்டாக வெட்டினால் நல்ல மூடாக்கு. மட்டையை நடைபாதையில் போடுங்கள்.

கெப்போங்கிலிருந்து ஒருவர்: "கொண்டோ பால்கனியில் தொட்டிச் செடிதான். எங்களுக்கும் இது பொருந்துமா?"

பொருந்தும். இரண்டு விரல் கனம் போதும், தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளி. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்காமல் அடுக்காதீர்கள், தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரிகள் வந்தால் கொம்பவுண்ட் வரும்.

"மரத்தூள் போட்டால் மண்ணில் உள்ள நைட்ரஜனைத் தின்றுவிடும், செடி மஞ்சளாகும். யாரும் போடாதீங்க. நான் போட்டுக் கெட்டுப்போனேன்."

கேள்வி இல்லை என்றாலும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பாதி சரி. மரத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால் அப்படியே நடக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பி வைத்தால் அந்த இழுப்பு தூளும் மண்ணும் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும், வேர் அதற்குக் கீழே இருக்கிறது. நீங்கள் களை கொத்தும்போது உள்ளே புரட்டிவிட்டீர்களா?

அவரே மீண்டும்: "ஆமா அக்கா, மாதம் ஒரு முறை கொத்திவிடுவேன்."

அதுதான் காரணம். மூடாக்கு போட்ட பாத்தியைக் கொத்தக் கூடாது, களையைக் கையால் பிடுங்குங்கள். எனக்கும் மரத்தூள் பிடிக்காதுதான், ஆனால் காரணம் வேறு. நைசான தூள் மழையில் படிந்து தட்டாக இறுகும், அப்புறம் தண்ணீர் மேலேயே ஓடிவிடும். இழைப்புச் சீவல் கிடைத்தால் பரவாயில்லை. ரசாயனம் ஏற்றிய பலகையின் சீவல் வேண்டாம்.

சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு மிளகாய் விவசாயி: "தங்கச்சி, ரெண்டு ஏக்கர் மிளகாய் போடுறேன். வெள்ளித்தாள் விரிச்சா களையும் இல்ல, பூச்சியும் இல்ல. வைக்கோல் எல்லாம் வீட்டுக்கு அழகு, தோட்டத்துக்கு ஆகாது."

அண்ணே, பூச்சி விஷயத்தில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். வெள்ளித்தாள் என்பது ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பாக வரும் பிளாஸ்டிக் விரிப்புதானே. வெள்ளிப் பக்கம் வானத்தைப் பார்த்து இருந்தால் கீழிருந்து வரும் வெளிச்சம் அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் எல்லாவற்றுக்கும் இறங்கும் இடத்தைக் குழப்பிவிடும். வைரஸைச் சுமந்து வருவது அவைதான், நாற்று சின்னதாக இருக்கும்போதுதான் அது பெரிய அடி. ஆனால் இலை படர்ந்து தாளை மறைத்ததும் அந்த நன்மை குறைந்துவிடும். சிலந்திப்பேனுக்குத் தாள் எதுவும் செய்யாது. இலை கீழ்நோக்கிச் சுருண்டு குறுகினால் பெரும்பாலும் அதுதான்.

களை முழுக்க இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கோரையும் லாலாங்கும் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும்.

அவரே: "கோரை வரும், சரி. ஆனா உங்க நாலு விரல் வைக்கோல்ல அது வராதா?"

வரும். இன்னும் சுலபமாகவே வரும். கோரை உள்ள நிலத்தில் மூடும் முன்பே கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும், அதற்கு எந்த மூடாக்கும் மருந்தில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் குறுக்கே: "நான் கறுப்புப் பக்கம் மேலே வர்ற மாதிரி விரிச்சேன். கடைக்காரர் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னார். நாற்று எல்லாம் துளை ஓரத்தில் கருகிடுச்சு."

ஒன்றே இல்லை. கறுப்பு வெயிலை வாங்கிச் சூடாகும். குளிர் நாட்டில் மண்ணைச் சூடேற்ற அப்படி விரிப்பார்கள், நமக்கு அது நேர் எதிர். தண்டு சூடான தாளைத் தொட்ட இடத்தில் வெந்துவிட்டது. வெள்ளி மேலே, கறுப்பு கீழே. கீழே இருக்கும் கறுப்பு, வெளிச்சம் புகாமல் களையை அடக்கும். துளையை ஒரு கோப்பை அகலம் வெட்டி, தாளை இழுத்துக் கட்டுங்கள், காற்றில் படபடத்தால் தண்டில் உரசும்.

சமையலறை வெப்பமானியை 5 செ.மீ. ஆழத்தில் குத்தி, பிப்ரவரி மாதம் மதியம் 2 மணிக்குப் பார்த்தேன். வெறும் மண்ணில் 38 டிகிரி, வைக்கோலின் கீழ் 31. ஒரு நாள், ஒரு பாத்தி, அவ்வளவுதான்.

சுங்கை பாக்காப் விவசாயி: "வெள்ளித்தாள்ல பார்த்தீங்களா?"

என்னிடம் தாள் இல்லை அண்ணே. நீங்கள் பார்த்துச் சொன்னால் எனக்கும் உபயோகமாக இருக்கும்.

என் கவலை தண்ணீர். தாளின் கீழ் மழை துளை வழியாகத்தான் இறங்கும். அடியில் சொட்டுநீர்க் குழாய் இல்லாமல் விரித்தால், ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறையும்போது மேலே வாளியால் ஊற்றி எதுவும் ஆகாது. உங்களிடம் குழாய் இருக்கும், நாலு பாத்திக்காரரிடம் இருக்காது.

அவரே: "குழாய் இருக்கு. ரெண்டு ஏக்கருக்கு வைக்கோலும் ஆளும் எங்க தேடுறது? அதச் சொல்லுங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அளவில் தாள்தான் கட்டுபடியாகும் என்று தோன்றுகிறது. அறுவடை முடிந்ததும் கிழிந்த தாளைத் துண்டு விடாமல் எடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உழவில் பொடியானால் அப்புறம் பொறுக்க முடியாது.

"வைக்கோலைத் தண்டுக்குப் பக்கத்துல போடலாமா?"

ஒரு கை அகலம் தள்ளி.

பந்திங்கிலிருந்து ஒருவர்: "ஆலையில் செம்பனைக் குலைச் சக்கை சும்மாவே தர்றாங்க. கத்தரிக்குப் போடலாமா?"

போடலாம், பொட்டாஷ் நிறைய உள்ளது. ஆனால் ஆலையிலிருந்து வந்த சூட்டோடு வேண்டாம். இரண்டு மூன்று வாரம் மழையில் கிடந்து வாடை போகட்டும். ஒரே அடுக்காகப் பிய்த்துப் போடுங்கள். குவியலாக விட்டால் காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிடும். மக்கிய சக்கையைப் புரட்டும்போது கட்டை விரல் தடிமனில், சி எழுத்து மாதிரி வளைந்த வெள்ளைப் புழு கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பக்கத்தில் தென்னை இருந்தால் இன்னும் கவனம், வளர்ந்த வண்டு அதன் குருத்தைத்தான் துளைக்கும்.

"உமி எப்படி?"

பெருமழையில் மிதந்து சாக்கடைக்குப் போகும். விளிம்பு கட்டிய பாத்தி என்றால் சரி.

"மாமரம் ஐந்து வருடமாகக் காய்க்கவில்லை, என்ன மூடாக்கு போடலாம்?"

மூடாக்கால் மாமரம் காய்க்காது. பழமரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கிள்ளானிலிருந்து ஒருவர்: "வைக்கோல் போட்டதிலிருந்து நத்தை வந்து சாவிக் கீரையை மொட்டையடிக்குது."

வைக்கோல் அவற்றுக்குப் பகலில் நல்ல மறைவிடம். இரவு 9 மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய், கையுறை போட்டுப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். நாலைந்து இரவு பொறுக்கினால் குறைவது தெரியும். சாவி, கங்குங் மாதிரி நெருக்கி விதைக்கும் கீரைக்கு நான் மூடாக்கே போடுவதில்லை. நாலு வாரத்தில் அறுத்துவிடுகிறோம், அதற்குள் இலையே மண்ணை மூடிவிடும்.

"அக்கா, என் மிளகாய் மதியம் துவளுது, காலையில் நிமிருது. வைக்கோல் போட்டிருக்கேன், ஒட்டித்தான் போட்டேன்."

எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று மேலே இரண்டு முறை சொன்னேன். சரி, இப்போதே போய் விலக்கிப் பாருங்கள். நடுவிரலை இரண்டாவது கணுவரை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்து, தண்டின் அடியில் வெள்ளை நூல் இருந்தால் அந்தச் செடி போய்விட்டது, மண்ணோடு எடுத்துவிடுங்கள். ஈரமாகவும் நூல் இல்லாமலும் இருந்தால் தண்டை மண்மட்டத்துக்குச் சற்று மேலே குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு வைக்கோலைக் குறை சொல்ல முடியாது. எது தெரிகிறது என்று சொல்லுங்கள்.

"வெள்ளை நூல்தான் அக்கா. மணியும் இருக்கு, இன்னும் வெள்ளையா இருக்கு."

பழுப்பாகும் முன் எடுங்கள், இன்றைக்கே. பக்கத்துச் செடிகளின் வைக்கோலையும் முழுக்க விலக்கி, ஒரு வாரம் வெயில் படவிடுங்கள்.