நாயின் தோலில் கட்டி: விரல் சொல்வதும் ஊசி சொல்வதும்

டாக்டர், கட்டி இருக்கிறதா என்று எப்படித் தடவிப் பார்ப்பது? நான் கை வைத்தாலே விளையாடக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறது.

ஓடி ஆடிக் களைத்துப் படுத்திருக்கும்போது பாருங்கள். உள்ளங்கையால் வருடினால் தெரியாது. விரல்நுனிகளைச் சேர்த்து, முடி வளரும் திசைக்கு எதிராக, லேசாக அழுத்தி நகர்த்துங்கள். முதுகை எல்லோரும் தடவிவிடுகிறோம். விட்டுப்போவது அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலுக்கு அடி. ஏதாவது தட்டுப்பட்டால் மறுபக்கத்தில் அதே இடத்தையும் பாருங்கள். வயிற்றில் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தால் அது முலைக்காம்பு. ஆண் நாய்க்கும் உண்டு, பதறி ஓடி வராதீர்கள்! ஆனால் தாடைக்கு அடியிலோ முழங்காலுக்குப் பின்னாலோ இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

தொட்டால் மெத்தென்று நகர்ந்தால் கொழுப்புக்கட்டி, பயமில்லை. மூன்று நாய்களுக்கு இப்படித்தான் பார்த்தோம். சரிதானே?

பாதி சரி. கொழுப்புக்கட்டி அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்படி இருப்பதெல்லாம் கொழுப்புக்கட்டி இல்லை.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். என் லாப்ரடாருக்கு எட்டு வயதில் விலாவில் இரண்டு கட்டிகள். ஊசி வைத்துப் பார்த்தேன், இரண்டும் கொழுப்பு. அப்புறம் தொடையில் மூன்றாவது வந்தது. ஒன்றரை செ.மீ., அதே மெத்து. இதுவும் அதுதான் என்று நாலு மாதம் விட்டுவிட்டேன். ஒருநாள் குளிப்பாட்டித் தேய்த்ததும் அந்த இடம் சிவந்து வீங்கியது, மறுநாள் வற்றிவிட்டது. கொழுப்பு இப்படி ஏறி இறங்காது. அன்றைக்கே ஊசி வைத்தேன். ஸ்லைடில் ஊதா மணிகளை அள்ளிக் கொட்டியது போன்ற செல்கள். மாஸ்ட் செல் கட்டி, தோலில் வரும் ஒரு வகைப் புற்று! அந்த மணிகளில் இருக்கும் ஹிஸ்டமின்தான், தேய்த்தபோது வெளியே வந்து வீங்க வைத்திருக்கிறது.

கொழுப்புக்கட்டி என்றால் தோலைக் கீறி அப்படியே பிதுக்கி எடுத்துவிடலாம். மாஸ்ட் செல்லை அப்படி எடுத்தால் ஓரத்தில் மிச்சம் தங்கி, திரும்ப வெட்ட வேண்டி வரும். சுற்றிலும் சுமார் 2 செ.மீ. நல்ல தோலோடும் அடியில் ஒரு படலத்தோடும் எடுப்பது வழக்கம். காலில் தோலுக்குப் பஞ்சம். கட்டி வளர வளர மூடித் தைக்க முடியாமல் போகும். எனவே கத்திக்கு முன்னால் ஊசி, ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனி ஊசி. 1 செ.மீ. தாண்டியதையும் ஒரு மாதமாகப் போகாததையும் நான் சும்மா விடுவதில்லை.

இந்த ஊசி போட்டால் கட்டி கரைந்துவிடுமா? எங்கள் குட்டிக்குத் தடுப்பூசி போட்ட இடத்தில் கட்டி இருக்கிறது.

இது மருந்து போடும் ஊசி இல்லை. 22 கேஜ் ஊசியைக் கட்டிக்குள் நாலைந்து முறை முன்னும் பின்னும் நகர்த்தினால் செல்கள் ஊசிக்குள் வந்துவிடும். அதைக் காற்றடைத்த சிரிஞ்சால் ஸ்லைடின் மேல் தள்ளி, பரப்பி, காயவைத்து, சாயம் ஏற்றிப் பார்ப்போம். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. உங்கள் குட்டிக்கு வந்தது வழக்கமாகச் சில வாரங்களில் தானே அமுங்கிவிடும். ஒரு மாதம் கடந்தும் இருந்தாலோ வளர்ந்தாலோ கொண்டு வாருங்கள்.

குத்தினால் புற்று பரவிவிடும் என்கிறார்களே?

தோல் கட்டியில் அது மிக மிக அரிது. மூத்திரப்பைக் கட்டியில்தான் அந்தப் பயத்துக்கு நிஜமான காரணம் உண்டு, அதை வெளியிலிருந்து குத்துவதைத் தவிர்ப்போம்.

ரிப்போர்ட்டில் 'செல்கள் போதவில்லை' என்று வந்தது. ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை, பதிலே வரவில்லை என்று அர்த்தம். ஸ்லைடு காயாமல் எண்ணெய் போல மினுங்கியதா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். கொழுப்பு அப்படித்தான் இருக்கும், சாயம் ஏற்றும்போது ஆல்கஹாலில் கழுவிப் போய்விடும். ஆனால் தசைநார்ப் பகுதியில் வரும் சில கெட்ட கட்டிகளும் செல்லை எளிதில் விடாது. கட்டி கெட்டியாக இருந்தால் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் துண்டு வெட்டி பயாப்சிதான்.

எங்களுடையதற்குப் பதினான்கு வயது, இதயக் கோளாறு. ஆபரேஷன் செய்யப்போவதில்லை. பிறகு ஊசி எதற்கு?

நியாயமான கேள்வி. இதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் பார்க்கும் பக்கம். மாஸ்ட் செல் என்று தெரிந்தால் அரிப்புக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் மாத்திரை கொடுத்து நன்றாக வைத்திருக்கலாம்.

நிம்மதியாக இருக்கும் நாயை எதற்குக் குத்த வேண்டும், டாக்டர்? எனக்கு மனசு வரவில்லை.

சரி, வற்புறுத்தவில்லை. மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துத் தேதி எழுதுங்கள். கட்டியைப் பிசைய வேண்டாம். வாந்தியோ, தார் போலக் கறுப்பாக மலமோ கண்டால் அன்றே வாருங்கள். யாராவது ஸ்டீராய்டு எழுதித் தந்தால், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் ஊசியைப் பற்றி இன்னொரு தடவை பேசுவோம். அதற்கு அப்புறம் குத்தினால் ஸ்லைடு குழப்பிவிடக்கூடும்.