வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டாம், கட்டம் பிடிக்கட்டும்

"என் மகளுக்குப் பத்து வயது, கிரேடு 5 படிக்கிறாள். பள்ளி முடிந்தால் டியூஷன், வீட்டுக்கு வந்தால் மறுபடி வாய்ப்பாடு. 'ஏழெட்டு எவ்வளவு?' என்று கேட்டாலே முகம் சுருங்கிவிடுகிறது, சில நாள் அழுகை. போனில் போட்டுக் கொடுத்த கணக்கு விளையாட்டும் இரண்டே நாளில் அலுத்துவிட்டது. திணிப்பது போலத் தெரியாமல், வீட்டில் சேர்ந்து விளையாடுகிற மாதிரி ஏதாவது உண்டா?"
— ஒரு தாய், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

போனில் வரும் கணக்கு விளையாட்டுகள் பலவற்றுக்கும் ஒரே அமைப்புதான். ஒரு கணக்கு வரும், சரியாகச் சொன்னால் கார் ஓடும் அல்லது முயல் தாவும். ஓட்டமும் தாவலும்தான் விளையாட்டு. கணக்கு அதற்கு வாங்கும் நுழைவுச் சீட்டு. பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுகொள்வார்கள். அலுக்காத விளையாட்டில் கணக்கே காய் நகர்த்தலாக இருக்கும்; கணக்குப் போடாமல் எங்கே வைப்பது என்றே முடிவு செய்ய முடியாது. கிரேடு 5 பிள்ளைக்குப் பெருக்கலில் அப்படி ஒன்று வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டியது பெருக்கல் பலகை. இதை ஒழுங்காக விளையாடினாலே போதும், பத்து விளையாட்டு தேடிப் போக வேண்டியதில்லை.

ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால் வாய்ப்பாட்டில் 81 வரிகள். ஆனால் வெவ்வேறு விடைகள் 36தான் வரும். ஆறுக்கு ஆறு கட்டத்தில் அவை மிச்சமில்லாமல் அடங்கிவிடும். ஒரு A4 தாளில் 3 சென்டிமீட்டர் கட்டங்களாகக் கோடு போட்டு இப்படி எழுதுங்கள்:

```
 1   2   3   4   5   6
 7   8   9  10  12  14
15  16  18  20  21  24
25  27  28  30  32  35
36  40  42  45  48  49
54  56  63  64  72  81

1  2  3  4  5  6  7  8  9
```

கீழே தனியாக நிற்கும் 1 முதல் 9 வரையான வரிசையில் இரண்டு பேப்பர் கிளிப்புகள் உட்காரும். இரண்டும் இருவருக்கும் பொது. கட்டங்களை மூட ஆளுக்கு ஒரு வகைக் காய் வேண்டும். ஒருவருக்குப் புளியங்கொட்டை, இன்னொருவருக்குச் சட்டைப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குபவர் ஒரு கிளிப்பை ஏதாவது ஓர் எண்ணில் வைப்பார், அவ்வளவுதான். அடுத்தவர் இரண்டாவது கிளிப்பை வைத்து, இரண்டு எண்களையும் பெருக்கி, விடையுள்ள கட்டத்தைத் தன் காயால் மூடுவார். அதற்குப் பிறகு மாறி மாறி ஆட்டம். ஒரு முறைக்கு ஒரு கிளிப்பை மட்டுமே நகர்த்தலாம், மற்றது இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு கிளிப்பும் ஒரே எண்ணில் நிற்கலாம், இல்லாவிட்டால் 49, 64, 81 எல்லாம் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே மூடிய கட்டத்தை எடுக்க முடியாது. நேராகவோ, குறுக்காகவோ, மூலைவாட்டிலோ தொடர்ந்து நாலு கட்டம் பிடித்தவர் ஜெயித்தார். ஓர் ஆட்டம் சாதாரணமாகப் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எந்த நேரத்திலும் ஒவ்வொரு கிளிப்பும் வேறு எட்டு இடங்களுக்குப் போகலாம், ஆக ஒவ்வொரு முறையும் பதினாறு நகர்த்தல்கள். நல்ல கட்டம் எது என்று பார்க்கிற பிள்ளை, யாரும் கேட்காமலே அதில் ஏழு அல்லது எட்டையாவது மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிடும். கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவில்லை என்பதால் அது பரீட்சையாகத் தெரிவதில்லை.

ஆட்டத்தின் நடுவில் ஒரு நிலையை எடுத்துப் பார்ப்போம். மகள் 18, 28, 42 மூன்றையும் பிடித்துவிட்டாள். அவை மூன்றாவது நெடுவரிசையில் அடுத்தடுத்து நிற்பவை. மேலே 9, கீழே 63, இரண்டும் காலி. நீங்கள் இப்போதுதான் 48-ஐ மூடினீர்கள், அதனால் கிளிப்புகள் 6-லும் 8-லும் நிற்கின்றன. அவளுக்கு 63 வேண்டுமென்றால் 7-ம் 9-ம் வேண்டும். 9 வேண்டுமென்றால் 1-ம் 9-ம், அல்லது 3-ம் 3-ம். கையில் இருப்பதோ 6, 8. ஒரே நகர்த்தலில் எதுவும் நடக்காது. ஆகவே அவள் 6-ல் இருப்பதை 7-க்கு நகர்த்தி 56-ஐ மூடுகிறாள்.

இப்போது கிளிப்புகள் 7, 8. நீங்கள் பதறி, 8-ல் இருப்பதை 9-க்குத் தள்ளி 63-ஐ மூடினால் தோற்றீர்கள். ஒரு கிளிப் 9-லேயே நிற்கிறது, அவள் 7-ல் இருப்பதை 1-க்கு இழுத்து 9 என்ற கட்டத்தை எடுத்துவிடுவாள். 7-ஐ விட்டுவிட்டு 8-ஐ வேறெங்கு நகர்த்தினாலும், அவள் அதே கிளிப்பை 9-க்குக் கொண்டுபோய் 63-ஐ மூடுவாள். 7-ஐ நகர்த்தியே ஆக வேண்டும், அதிலும் 1, 3, 9 மூன்றும் கூடாது. 2, 4, 5, அல்லது 8-க்குத்தான் போகலாம், அதாவது 16, 32, 40, 64 என்ற கட்டங்களில் காலியாக இருப்பது. இதை உட்கார்ந்து யோசிக்கும்போது நீங்களும் வகுத்தல்தான் செய்கிறீர்கள். "63 வேண்டும், 7 நிற்கிறது, இன்னொன்று எது?" என்பது 63 ÷ 7 அல்லாமல் வேறென்ன? பெருக்கலைவிட வகுத்தலில் திணறும் பிள்ளைகளுக்கு இந்தப் பின்னோக்கிய தேடல்தான் அதிகம் உதவுகிறது.

இனி, எங்கே கெடும் என்பது. பெரும்பாலும் பெரியவர்களால்தான் கெடுகிறது. பிள்ளை கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போது "சொல்லு பார்ப்போம், எவ்வளவு?" என்றால் ஆட்டம் அங்கேயே வகுப்பறையாகிவிடும். கடிகாரம் வைப்பதும் அப்படியே. தப்பான கட்டத்தை மூடினால் அதற்கும் விதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி "பார்ப்போம்" என்று சொல்லலாம். தப்பு என்றால் காயை எடுத்துவிட்டு அதே முறையை மறுபடி ஆடலாம், சரி என்றால் கேட்டவர் தன் அடுத்த முறையை இழப்பார். விதி இருவருக்கும் ஒன்று. அப்போதுதான் அவளும் உங்கள் ஒவ்வொரு பெருக்கலையும் சரிபார்ப்பாள்.

வேண்டுமென்றே தோற்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பத்து வயதில் அது கண்டிப்பாகத் தெரிந்துவிடும், அப்புறம் நிஜமாக ஜெயித்தாலும் நம்பிக்கை வராது. நீங்கள் எப்போதும் ஜெயித்தால் உங்களுக்கு மட்டும் ஐந்து கட்டம் தொடர்ந்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நாலு போதும்.

இன்னொரு தொல்லை, சில பிள்ளைகள் ஒரு கிளிப்பை 1-லேயே நிறுத்திவிட்டு மேல் வரிசையிலேயே சுற்றுவார்கள். பயந்த பிள்ளையின் அடையாளம் அது. திட்டாமல் பலகையை மாற்றுங்கள். 1, 2, 3, 5, 7 ஆகிய ஐந்து கட்டங்களை அடித்துவிடுங்கள், கீழ் வரிசையிலிருந்து 1-ஐயும் எடுத்துவிடுங்கள். அந்த ஐந்தும்தான் 1 இல்லாமல் வராதவை, மீதி 31 கட்டமும் 2 முதல் 9 வரை வைத்தே கிடைக்கும்.

எதிர்ப்பக்கத்தில், 6 × 4-க்கே விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு இந்தப் பலகை பெரிது. பாதி தெரிந்ததைக் கெட்டிப்படுத்துவதுதான் விளையாட்டின் வேலை, தெரியாததை அது கற்றுக்கொடுக்காது. அப்படியானால் கீழ் வரிசையை 1 முதல் 6 வரை குறையுங்கள். விடைகள் 18தான் வரும்: 1, 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12, 15, 16, 18, 20, 24, 25, 30, 36. மூன்று வரிசைகளில் ஆறு ஆறாக எழுதி, மூன்று கட்டம் தொடர்ந்தால் வெற்றி என்று ஆடுங்கள். பக்கத்தில் வாய்ப்பாட்டுத் தாளும் இருக்கட்டும், பார்ப்பது குற்றமில்லை. ஆட்டம் வேகமாகப் போக வேண்டும் என்ற ஆசையே தாளைப் பார்ப்பதைக் குறைத்துவிடும். இடையில் அவள் கேட்டால் மட்டும் குறுக்கு வழி சொல்லலாம். 7 × 8 மறந்துபோனால் 7 × 4 = 28, அதை இரட்டித்தால் 56. 9 × 6 என்றால் 60-ல் ஒரு 6 குறைவு.

வீட்டில் தமிழ் பேசும் மொரீஷியஸ் குடும்பங்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பள்ளியில் வாய்ப்பாடு ஆங்கிலத்தில், பேச்சு கிரியோலில், வீட்டில் தமிழ். மனப்பாடமான பெருக்கல், மனப்பாடம் செய்த மொழியில்தான் சட்டென்று வரும். நீங்கள் தமிழில் "ஏழெட்டு?" என்று கேட்கும்போது அவள் தயங்கினால், கணக்குத் தெரியாமல் தயங்குகிறாளா, மொழி மாற்றத் தயங்குகிறாளா என்று சொல்ல முடியாது. பலகையில் இந்தக் குழப்பம் இல்லை, எண் கண்ணெதிரே இருக்கிறது. மனதுக்குள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளட்டும்.

முன்னேற்றத்தை வேகத்தால் அளக்காதீர்கள். முதலில் கிளிப்பை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்து, கிடைக்கிற விடையை எடுப்பாள். பிறகு ஒரு நாள் கட்டத்தை முதலில் பார்த்துவிட்டு நேராகக் கிளிப்பிடம் போவாள். அதுதான் கவனிக்க வேண்டிய மாற்றம். அவள் எந்த ஜோடியில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறாள் என்பதை மனதில் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் ஆட்டத்தைத் தொடங்கும் உரிமையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிளிப்பை 8-ல் வைத்தால் எட்டாம் வாய்ப்பாட்டுக்குள் அவள் தானாக நுழைந்தாக வேண்டும்.

கூட்டலுக்கும் ஒன்று வேண்டுமென்றால், வீட்டில் டோமினோ பெட்டி இருக்கிறதா பாருங்கள். 28 கட்டை உள்ள சாதாரணப் பெட்டி போதும். இருவர் ஆளுக்கு ஏழு எடுத்து, வழக்கம்போல் பொருந்தும் முனைகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள், வைக்க முடியாதவர் மீதிக் குவியலிலிருந்து எடுக்க வேண்டும். மாற்றம் இதுதான்: வைத்தவுடன் வரிசையின் இரு முனைகளிலும் உள்ள புள்ளிகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஐந்தின் மடங்காக இருந்தால் அத்தனை புள்ளியும் வைத்தவருக்கு. முனைகள் 6-ம் 3-ம் என்றால் மொத்தம் 9. 3-4 கட்டையை 3 பக்கம் சேர்த்தால் முனைகள் 6-ம் 4-ம் ஆகும், 10 புள்ளி. 6-2 கட்டையை 6 பக்கம் சேர்த்தால் 2-ம் 3-ம், 5 புள்ளி. முனையில் குறுக்காக வைத்த இரட்டைக் கட்டைக்கு இரண்டு பாதியும் சேரும், 5-5 என்றால் 10. முதலில் 100 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். இரட்டைக் கட்டையிலிருந்து நாலு பக்கமும் கிளை பிரிக்கும் விதியும் உண்டு, இப்போதைக்கு அது வேண்டாம்.

இரண்டு விளையாட்டிலும் மனக்கணக்குத்தான் பழகும். நீண்ட பெருக்கல், வகுத்தல் படிகள், கிரேடு 6 முடிவில் வரும் PSAC தேர்வுத் தாளில் உள்ளது போன்ற வாக்கியக் கணக்குகள் எல்லாம் தனியாக எழுதிப் பழக வேண்டியவை. அவற்றை வேறு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு "சரி, இப்போது நோட்டை எடு" என்றால் மறுநாள் பலகையை எடுத்தாலே அவளுக்கு நோட்டு ஞாபகம் வந்துவிடும்.